ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறதா? லீக்கேஜ், நியூட்ரல் கலப்பு பற்றிக் கேள்வி பதில்

கோவை வாசகர்: மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஆர்சிசிபி இருந்தது. போன மாதம் தனித்தனியாக 30 மில்லி ஆம்பியரில் இரண்டு போட்டோம். இப்போது மாடிப்படி லைட்டைப் போட்டாலே இரண்டும் சேர்ந்து விழுகின்றன. பல்பையும் மாற்றிப் பார்த்தாச்சு.

பல்பில் எந்தக் குறையும் இல்லை. "இரண்டும் சேர்ந்து" என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. ஃபேஸில் போன கரண்ட் தன் நியூட்ரல் வழியாகவே முழுசாகத் திரும்புகிறதா என்பதை மட்டும்தான் ஆர்சிசிபி பார்க்கும், திரும்பாவிட்டால் லைனை வெட்டிவிடும், அதைத்தான் விழுகிறது என்கிறோம். உங்கள் படிக்கட்டு லைட்டுக்கு ஃபேஸ் கீழ் சுவிட்ச் போர்டிலிருந்து ஏறுகிறது, நியூட்ரலை மட்டும் பக்கத்தில் இருக்கிறதே என்று மாடி ஜங்ஷன் பாக்ஸில் சேர்த்திருப்பார்கள். மாடிப்படி ஒயரிங்கில் இது ரொம்ப சகஜம். கீழ் ஆர்சிசிபியைப் பொறுத்தவரை போன கரண்ட் திரும்பவில்லை, மாடி ஆர்சிசிபிக்கோ தான் அனுப்பாத கரண்ட் வந்து சேருகிறது, அதனால் இரண்டும் ஒரே நொடியில் விழுகின்றன. முன்பு எல்லாம் ஒரே ஆர்சிசிபி வழியாகத் திரும்பியதால் தப்பு வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சின்ன எல்இடி பல்புக்கா என்று தோன்றலாம். 9 வாட் பல்பு 230 வோல்ட்டில் குறைந்தது 39 மில்லி ஆம்பியர் இழுக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம், 30-க்குள் கட்டாயம் விழ வேண்டும். அதே இடத்தில் அரை வாட் நைட் லேம்ப் போட்டிருந்தால் விழாமலே எரிந்திருக்கும், ஆளும் குழம்பிப்போயிருப்பார்.

செய்ய வேண்டியது: மெயினை ஆஃப் செய்து, இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்து, அந்த லைட்டின் நியூட்ரலை மாடி பாக்ஸிலிருந்து பிரித்து, கீழ் ஆர்சிசிபியின் நியூட்ரல் பாரிலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பைப்பில் இடம் இல்லை என்பார்கள். பழைய கேபிள் டிவி ஒயர் ஏதாவது உள்ளே இருந்தால் உருவி எடுத்தால் இடம் கிடைக்கும், மின் ஒயரோடு அது இருக்கவும் கூடாது.

சேலம் வாசகர்: இதுக்கு ஏன் புது ஒயர்? ஆர்சிசிபி இருக்கிற டிபி பெட்டியில் இரண்டு நியூட்ரல் பாரையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டால் கரண்ட் எப்படியும் திரும்பிவிடுமே.

திரும்பும் என்பது சரிதான் தம்பி, ஆனால் எந்த வழியாக என்பதில்தான் சிக்கல். சேர்த்துவிட்டால் கீழே ஓடும் ஃபிரிட்ஜின் கரண்டும் பாதி கீழ் ஆர்சிசிபி வழியாக, பாதி மாடி ஆர்சிசிபி வழியாகப் பிரிந்து போகும். இதுவரை படிக்கட்டு லைட்டுக்கு மட்டும் விழுந்தது இனி எதைப் போட்டாலும் விழும். ஆர்சிசிபிக்குப் பின்னால் இருக்கும் நியூட்ரல் இன்னொரு நியூட்ரலையோ எர்த்தையோ எங்கேயும் தொடக் கூடாது.

மதுரை வாசகி: அண்ணா, புதுசா இன்வெர்ட்டர் வைத்தோம். வைத்த நாளிலிருந்து ஹால் ஃபேன் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது. விழுந்த பிறகு இன்வெர்ட்டர் ஆன் ஆகி பேட்டரியில் ஓடுவதாகக் காட்டுகிறது, ஆனால் லைட், ஃபேன் எதுவும் வேலை செய்யவில்லை. இன்வெர்ட்டர் பழுதா?

இன்வெர்ட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. விழுந்த பிறகு எதுவும் எரியவில்லை என்று கவனித்துச் சொன்னதே பாதி வேலையை முடித்துவிட்டது.

இன்வெர்ட்டரின் பிளக் ஆர்சிசிபிக்குப் பின்னால் இருக்கிற சாக்கெட்டில் இருக்கும். அது வெளியே கொடுப்பது பெரும்பாலும் ஃபேஸ் மட்டும்தான், நியூட்ரல் வீட்டுப் பொதுதான் என்று விட்டுவிடுவார்கள். உங்கள் டிபியில் இன்வெர்ட்டர் லைன்களுக்கான நியூட்ரல்கள் ஆர்சிசிபிக்கு முன்னால் இருக்கிற நியூட்ரல் பாரில் மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஈபி இருக்கும்போது ஃபேன் கரண்ட் ஆர்சிசிபி வழியாகப் போய், அதைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது, விழுகிறது. விழுந்ததும் ஆர்சிசிபி நியூட்ரலையும் சேர்த்தே வெட்டிவிடுவதால் ஃபேனின் நியூட்ரலுக்கும் இன்வெர்ட்டரின் நியூட்ரலுக்கும் இருந்த தொடர்பு போய்விடுகிறது. பேட்டரியில் பவர் இருந்தும் கரண்ட் திரும்ப வழியில்லை.

அந்த நியூட்ரல்களை, இன்வெர்ட்டர் பிளக்குக்கு லைன் கொடுக்கும் அதே ஆர்சிசிபியின் வெளிப்பக்க பாருக்கு மாற்றினால் இரண்டு தொந்தரவும் ஒன்றாகப் போய்விடும். ஒன்று மட்டும் வேலை செய்பவரிடம் சொல்லிவிடுங்கள்: மெயினை ஆஃப் செய்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் இருக்கும், முதலில் இன்வெர்ட்டரை அணைத்து அவுட்புட்டைக் கழற்ற வேண்டும்.

திருப்பூர் வாசகர்: மூன்று கம்ப்யூட்டர், இரண்டு இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின், 2 கிலோவாட் கீசர். தனித்தனியாகப் போட்டால் எதுவும் விழுவதில்லை. எல்லாம் ஓடும்போது கீசரைப் போட்டால்தான் விழுகிறது. லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரில் கீசர் இல்லாமல் 11 மில்லி ஆம்பியர், கீசரோடு 19. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்துத்தான் அளந்தேன்.

சரியாக அளந்திருக்கிறீர்கள். சாதா கிளாம்ப் மீட்டரில் இவ்வளவு சின்ன கரண்ட் தெரியவே தெரியாது.

உங்கள் வீட்டில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. முதல் 11 பழுது இல்லை. கம்ப்யூட்டர், ஏசி உள்ளே இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து எர்த்துக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள், அவை எப்போதும் கொஞ்சம் கசிய விடும். ஒன்றுக்கு ஒரு மில்லி ஆம்பியர், இரண்டு என்று சேர்ந்து இங்கே வந்து நிற்கிறது. ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியில் நிரந்தரக் கசிவு அதில் 30 சதவீதத்துக்குள், அதாவது 9-க்குள், இருப்பது நல்லது. நீங்கள் கீசரைத் தொடுவதற்கு முன்பே அதைத் தாண்டிவிட்டீர்கள்.

இரண்டாவது கீசர். கிலோவாட்டுக்கு 0.75 மில்லி ஆம்பியர் என்று பார்த்தால் 2 கிலோவாட் கீசர் ஒன்றரைக்கு மேல் கசியக் கூடாது, உங்களுடையது 8 கூட்டுகிறது. உண்மையில் 8-க்கும் மேலே இருக்கலாம், ஏனென்றால் கெப்பாசிட்டர் கசிவும் ஹீட்டர் கசிவும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை, அதனால் மொத்தம் நேர்க்கூட்டலைவிடக் குறைவாகத்தான் காட்டும். மற்ற எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு கீசரைத் தனியாக அளந்தால் 15 வரைகூடப் போகலாம்.

எலிமெண்ட் உள்ளே இருக்கிற வெள்ளைப் பொடி ஈரத்தை இழுக்கும். ரொம்ப நாள் போடாமல் வைத்திருந்த கீசர் என்றால், தனியாகக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். குளியலறையில் யாரும் இல்லாதபோது, எர்த் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள். அளவு இறங்கிக்கொண்டே போனால் ஈரம்தான். இறங்காவிட்டால், அல்லது ஏறினால், உறையில் விரிசல், எலிமெண்டை மாற்றியே ஆக வேண்டும். அதோடு கம்ப்யூட்டர் லைனைத் தனி ஆர்சிசிபிக்குப் பிரியுங்கள். பிரிக்கும்போது நியூட்ரலையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோவைக்காரர் கதைதான்.

தஞ்சாவூர் வாசகி: எங்களுக்கும் கீசரால்தான் விழுந்துகொண்டிருந்தது. எலக்ட்ரீசியன் வந்து கீசரின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டார், அதன்பின் ஒரு தடவைகூட விழவில்லை. திருப்பூர் சாரும் அப்படிச் செய்யலாமே?

அம்மா, இதைப் படித்தவுடன் கீசர் சுவிட்சை அணையுங்கள், எர்த்தைத் திரும்ப மாட்டும்வரை யாரும் அதில் குளிக்க வேண்டாம். கசிவு நிற்கவில்லை, எர்த் வழியாகப் போய்க்கொண்டிருந்தது இப்போது கீசர் உடம்பிலும் பைப்பிலும் தண்ணீரிலும் காத்துக்கொண்டிருக்கிறது. அது போவதற்கு அடுத்த வழி ஈரக் கையோடு குழாயைத் திறக்கிற ஆள்தான். ஆர்சிசிபி அப்போதாவது விழும் என்று நம்பலாம், ஆனால் ஷாக் அடித்த பிறகுதான் விழும். அவர் கழற்றியது எச்சரிக்கையை. எலிமெண்டைத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

30-க்குப் பதில் 100 மில்லி ஆம்பியர் போடலாமா என்று இன்னும் சிலர் கேட்டிருந்தார்கள், அவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 100, 300 எல்லாம் தீ பிடிக்காமல் காக்க மெயினில் போடுவது. சாக்கெட், குளியலறை லைனில் ஆளைக் காப்பது 30 மட்டும்தான்.

நாகர்கோவில் வாசகர்: எனக்கும் இதே பிரச்சினை. அயர்ன் பாக்ஸும் மிக்ஸியும் சேர்த்துப் போட்டால் 6 ஆம்பியர் எம்சிபி விழுகிறது. லீக்கேஜ் எங்கே தேடுவது?

உங்களுக்கு லீக்கேஜ் இல்லை சார், லோடு அதிகம். எம்சிபிக்குக் கசிவு தெரியாது. 1000 வாட் அயர்ன் பாக்ஸே 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதை வேறு லைனில் போடுங்கள். ஒயரின் தடிமனைப் பார்க்காமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்க வேண்டாம்.

ஈரோடு வாசகர்: எல்லா எம்சிபியையும் ஆஃப் செய்துவிட்டுத் தூக்கினாலும் ஆர்சிசிபி நிற்பதில்லை. லோடே இல்லையே? ஆர்சிசிபிதான் போச்சு என்கிறார்கள்.

போயிருக்கலாம், ஆனால் அதை மாற்றுமுன் ஒன்றைப் பாருங்கள். நம் வீட்டு எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல்கள் எல்லாம் பாரில் அப்படியேதான் இருக்கும். எங்கேயாவது ஒரு நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால் போதும், ஏனென்றால் தெரு லைனில் நியூட்ரலுக்கும் பூமிக்கும் நடுவே எப்போதும் சில வோல்ட் இருக்கும், அதுவே விழ வைத்துவிடும்.

மெயின், ஆர்சிசிபி, இன்வெர்ட்டர் மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஆர்சிசிபியின் வெளிப்பக்கம் போகும் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, மெயினை மட்டும் போட்டு ஆர்சிசிபியைத் தூக்கிப் பாருங்கள், அது நின்றால் ஆர்சிசிபி நல்லது. பிறகு மெயினை மறுபடி ஆஃப் செய்து, நியூட்ரல்களை பாரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்துக்கும் அதற்கும் நடுவே இன்சுலேஷன் சரியா என்று மெகர் மீட்டரில் பாருங்கள். சுவரில் ஆணி அடித்த இடம், மழைத் தண்ணீர் இறங்கிய கேட் லைட், சாக்கெட்டுக்குப் பின்னால் நசுங்கிய ஒயர், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

திருச்சி வாசகர்: மூன்று ஃபேஸ் சப்ளை, நான்கு போல் ஆர்சிசிபி. மூன்றும் இருக்கும்போது மாதக்கணக்கில் விழுவதில்லை. ஒரு ஃபேஸ் போனால் சில சமயம் உடனே விழுகிறது, சில சமயம் விழுவதில்லை.

இது சுவாரஸ்யமான கேஸ். மூன்று ஃபேஸிலும் உள்ள கெப்பாசிட்டர் கசிவு ஓரளவுக்கு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஃபேஸுக்கு 18 மில்லி ஆம்பியர் சமமாக இருந்தால் ஆர்சிசிபிக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. ஒரு ஃபேஸ் போனதும் மிச்சம் இரண்டும் சேர்ந்து அதே 18 வெளியே தெரியும், 15-ஐத் தாண்டிவிட்டதால் விழலாம், விழாமலும் இருக்கலாம். நீங்கள் சொல்வதோடு இது பொருந்துகிறது.

ஆனால் ஃபேஸ் செலக்டரைத் திருப்பும்போது விழுகிறதா, தானாக விழுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. திருப்பும்போது என்றால் செலக்டருக்கு வரும் ஒரு லைன் ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம், அது முற்றிலும் வேறு தப்பு. நான்கு ஒயரையும் சேர்த்துக் கிளாம்பில் பிடித்து, மூன்று ஃபேஸும் இருக்கும்போது ஒரு அளவு, ஒரு ஃபேஸ் இல்லாதபோது ஒரு அளவு எடுத்து எழுதுங்கள், அதைப் பார்த்துச் சொல்கிறேன்.