பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கிறேன். நாடி ஏறவே இல்லையே, டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். வயது 61. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐந்து வருடமாக பிரஷருக்கு அட்டெனலால் 50, ஆம்லோடிபின் 5 மாத்திரைகள் சாப்பிடுகிறேன். இப்போது பிரஷர் 134/82. சர்க்கரை இல்லை, நெஞ்சுவலி வந்ததில்லை. வாக்கிங் போக ஆரம்பித்திருக்கிறேன். என் வயதுக்கு நாடி 95 முதல் 127 வரை போக வேண்டும் என்று செல்போனில் ஓர் அட்டவணை சொல்கிறது. கையை வீசி வேகமாக நடந்தாலும் எனக்கு 90ஐத் தாண்டவில்லை. ஆனால் வாட்ச் சில நேரம் 112 காட்டுகிறது. காலை மாத்திரையை நடந்துவிட்டு வந்து போட்டால் நாடி ஏறும் என்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா? இல்லை, ஓட வேண்டுமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஓட வேண்டாம். மாத்திரையையும் தள்ளிப் போட வேண்டாம். வேகமாக நடக்கும்போது கையால் எண்ணி 90 வருகிறது என்றால் உங்கள் இதயம் சரியாகத்தான் வேலை செய்கிறது. அந்த அட்டவணைதான் உங்களுக்குப் பொருந்தாது.

நீங்கள் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளில் அட்டெனலால், பீட்டா பிளாக்கர் என்ற வகையைச் சேர்ந்தது. மெட்டோப்ரோலால், பிஸோப்ரோலால், நெபிவோலால், கார்வெடிலால், ப்ரோப்ரனலால் எல்லாம் இதே குடும்பம். உடல் உழைக்கும்போது அட்ரினலின் வந்து இதயத்தை விரைவாகத் துடிக்கச் சொல்லும். அந்த உத்தரவு இதயத்தில் போய்ச் சேரும் இடத்தையே இந்த மாத்திரை அடைத்துக்கொள்கிறது. அதனால் சும்மா இருக்கும்போதும் நாடி குறைகிறது, உழைக்கும்போது எட்டக்கூடிய உச்சமும் குறைகிறது. பேருந்தில் ஸ்பீடு கவர்னர் பொருத்தியபின் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் முள் ஓர் அளவைத் தாண்டாது. உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உச்ச நாடி பலருக்கு 20 முதல் 30 வரை இறங்கிவிடும். ஆம்லோடிபின் அப்படி நாடியைக் கட்டிப்போடாது. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போன்றவையும் அப்படியே. டில்டியாசெம், வெரபமில் இரண்டும் நாடியைக் குறைக்கும்.

அட்டவணையில் உள்ள 95, 127 எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். 220லிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடி என்பது அதன் கணக்கு. உங்களுக்கு 159. அதில் 60 சதவீதம் 95, 80 சதவீதம் 127. இந்த 220 கணக்கு, 1971இல் அமெரிக்க மருத்துவர்கள் அதுவரை கிடைத்த அளவீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து எடுத்த ஒரு சராசரி. பீட்டா பிளாக்கர் சாப்பிடாதவர்களிடமே இது பத்து, பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே போகும். உங்களைப் போன்றவர்களுக்கு அந்த 159 என்ற தொடக்கமே தவறு. அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு போனால், இதயம் தன்னால் முடிந்த உச்சத்துக்கு வெகு அருகில் உழைக்க நேரும். மூச்சிரைப்பும் களைப்பும் வரும். உழைப்பின்போது மேல் அளவு இரத்த அழுத்தமும் தேவைக்கு மேல் ஏறும்.

உங்களுக்கு எது சரியான எண்? இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழிக்குச் செலவே இல்லை. மாத்திரை வழக்கம்போல் சாப்பிடும் நாட்களில், நடக்கக் கிளம்பும் அதே நேரத்தில், ஐந்து நிமிடம் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்து நாடியை எண்ணுங்கள். காபி குடிப்பதற்கு முன் எண்ணுவது நல்லது. மூன்று நான்கு நாள் எண்ணி நடுவான அளவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 60 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு 20 முதல் 30 சேர்த்தால் 80 முதல் 90. இதய நோயாளிகளுக்கு டிரெட்மில் பரிசோதனை முடிவு கையில் இல்லாதபோது உடற்பயிற்சி தொடங்கிவைக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பாதுகாப்பான எல்லை இது. முதல் ஒன்றரை மாதத்துக்கு உங்களுக்கு இதுவே போதும். நீங்கள் இப்போதே எட்டியிருக்கும் 90, இந்த எல்லையின் மேல் ஓரம்.

இரண்டாவது வழி, டி.எம்.டி. என்று எல்லோரும் சொல்லும் டிரெட்மில் பரிசோதனையில் உங்கள் உண்மையான உச்ச நாடியைக் கண்டுபிடிப்பது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இரத்தக் குழாய் அடைப்பு இருக்கிறதா என்று தேடும்போது பரிசோதனைக்கு முன் பீட்டா பிளாக்கரை நிறுத்தச் சொல்வது உண்டு. உடற்பயிற்சிக்கான எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், மாத்திரை போட்ட நிலையில்தான் பரிசோதனை நடக்க வேண்டும். அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்படிச் செய்து உச்சம் 130 வந்தது என்று கொள்வோம். பின்லாந்து ஆய்வாளர் கார்வோனென் 1957இல் காட்டிய முறைப்படி, உச்சத்திலிருந்து ஓய்வு நாடியைக் கழிக்கிறோம்: 130 − 60 = 70. இதுதான் உங்கள் இதயத்தின் கையிருப்பு. மிதமான உழைப்பு என்பது அதில் 40 முதல் 59 சதவீதம். 70இல் 40 சதவீதம் 28, 59 சதவீதம் 41. இவற்றை ஓய்வு நாடியோடு சேர்த்தால் 88 முதல் 101 வரை.

இதே வயதில், டெல்மிசார்டன் மட்டும் சாப்பிடும் உங்கள் நண்பர் ஒருவருக்கு ஓய்வு நாடி 76 என்றால், உச்சத்தை 159 என்றே வைத்துக் கணக்கிடலாம். கையிருப்பு 83. இலக்கு ஏறத்தாழ 109 முதல் 125. இருவரும் பேசிக்கொண்டே ஒரே வேகத்தில் நடக்கலாம், ஒரே அளவு உழைக்கலாம். அவருக்கு 110, உங்களுக்கு 90. அவருடைய எண்ணைப் பார்த்து நீங்கள் வேகத்தைக் கூட்டத் தேவையே இல்லை.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் எதுவும் இல்லாமல் பிரஷர் கட்டுக்குள் உள்ளவர் மிதமான வேகத்தில் நடப்பதற்கு டி.எம்.டி. கட்டாயம் இல்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், நடந்தால் நெஞ்சு இறுக்கம் தெரிபவர், நீண்ட காலமாகச் சர்க்கரை உள்ளவர் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

நாடியை விட நம்பகமான ஒரு அளவுகோல் உங்கள் பேச்சு. பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லித் தருகிறேன். நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிற்கிறீர்கள் என்றால், நாடி 85 காட்டினாலும் வேகத்தைக் குறையுங்கள். எண்ணும் பேச்சும் முரண்பட்டால் பேச்சு சொல்வதையே கேளுங்கள்.

வாட்ச் காட்டிய 112க்கு வருகிறேன். மணிக்கட்டு வாட்ச், தோலின் மேல் ஒளியைப் பாய்ச்சி இரத்த ஓட்டத்தின் அசைவைப் பார்க்கிறது. கை வீசி நடக்கும்போது அந்த அசைவும் அதோடு கலக்கிறது. சுறுசுறுப்பாக நடப்பவர் நிமிடத்துக்கு 100 முதல் 115 அடி வைப்பார். சில நேரம் வாட்ச் நாடிக்குப் பதிலாக அடிகளையே எண்ணிவிடுகிறது. உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். சோதித்துப் பார்ப்பது எளிது: 112 காட்டும்போது ஒரு நிமிடம் அடிகளை எண்ணுங்கள், அதுவும் 112க்கு அருகில் இருந்தால் வாட்ச் ஏமாந்திருக்கிறது. வாட்ச் பட்டையைச் சற்று இறுக்கி, மணிக்கட்டு எலும்புக்கு மேலே தள்ளிக் கட்டினால் ஓரளவு சரியாகும். கையால் எண்ணுவதே மேல். நின்றவுடன், கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். தாமதித்தால் நாடி இறங்கிவிடும். துடிப்பு தாளம் தப்பி, ஒன்று விட்டு ஒன்று வருவதுபோல் இருந்தால் முழு நிமிடமும் எண்ணி எழுதிவைத்து, அந்த வாரமே இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

நண்பர் சொன்ன யோசனை ஆபத்தானது. அட்டெனலாலை ஒரு வேளை தாமதித்தால் நாடி ஏறத்தான் செய்யும். கூடவே பிரஷரும் ஏறும், பாதுகாப்பு இல்லாத நேரத்தில் நீங்கள் உழைத்துக்கொண்டிருப்பீர்கள். இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் கூட வரலாம். எந்த நேரத்தில் சாப்பிட மருத்துவர் சொன்னாரோ அந்த நேரத்திலேயே சாப்பிடுங்கள்.

நடையை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் பிரஷர் 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று நடக்க வேண்டாம், மருத்துவரை அழையுங்கள். மற்ற நாட்களில் முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, அடுத்த பத்து நிமிடம் 80 முதல் 90 நாடியில், கடைசி ஐந்து நிமிடம் மீண்டும் மெதுவாக. வாரம் ஐந்து நாள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் நடுப்பகுதியை மட்டும் நீட்டி அரை மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். இதைப் பல மாதம் ஒழுங்காகச் செய்பவர்களுக்கு மேல் அளவு பிரஷர் 5 முதல் 8 வரை குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடைசி ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். ஆம்லோடிபின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது, நடையும் விரிக்கிறது. சட்டென்று நின்றுவிட்டால் இரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும். திண்டுக்கல்லில் ஏப்ரல், மே மாத வெயிலில் இது இன்னும் அதிகம், ஆகவே காலை ஆறு மணிக்கே முடித்துவிடப் பாருங்கள். நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டிக்கொண்டு வருவது - இவற்றில் ஏதேனும் வந்தால் உடனே நின்று உட்காருங்கள். சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108ஐ அழையுங்கள். ஓய்வு நாடி 50க்குக் கீழ் போய் அசதியோ தலைசுற்றலோ இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை அளவு அதிகமாக இருக்கலாம். வழக்கமான அதே நடைக்கு நாடி திடீரென்று 15, 20 கூடுதலாக வந்தால், மாத்திரை விட்டுப்போனதா, காய்ச்சலா, நீர்ச்சத்துக் குறைவா என்று பாருங்கள்.

ஓய்வு நாடி, நடந்து முடிந்த நாடி, பேச முடிந்ததா என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அட்டெனலாலை மாற்றி வேறு மாத்திரை தந்தாலோ, அளவைக் கூட்டினாலோ குறைத்தாலோ, 80 முதல் 90 என்ற இந்த எல்லை செல்லாது. மாற்றிய பின் இரண்டு வாரம் பேச்சை மட்டும் அளவுகோலாக வைத்து நடந்துவிட்டு, ஓய்வு நாடியைப் புதிதாக எண்ணி மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.