விண்ணப்ப முடிவுத் திகதியில் வயதைக் கணக்கிடுவது

“1998.11.27 பிறந்தனான். முடிவுத் திகதி 2025.03.15. ஒருத்தர் 18 நாள் எண்டுறார், ஒருத்தர் 16 எண்டுறார். எது சரி?”

16 தான் சரி தங்கச்சி. 26 வருடம், 3 மாதம், 16 நாள் என்று எழுதுங்கோ.

பள்ளிக்கூடக் கழித்தல் மாதிரியே நாளிலிருந்து தொடங்க வேணும். 15இலிருந்து 27 போகாது, ஒரு மாதம் கடன் வாங்குறம். பிழை வாறது இந்த இடத்திலதான். கண்ணை மூடிக்கொண்டு 30 நாள் சேர்த்தால் 18 வரும். கடன் வாங்குறது மார்ச்சுக்கு முதல் மாதமான பெப்ரவரியிடம். 2025இல் அதுக்கு 28 நாள்தான். 15+28−27=16. மார்ச் இப்ப 2; 11 போகாததால் ஒரு வருடத்தை 12 மாதமாக்கினால் 14−11=3. மிச்சம் 2024−1998=26.

சரிபார்க்க முன்னுக்கு எண்ணுங்கோ: 2024 நவம்பர் 27இல் 26 வயது, பெப்ரவரி 27இல் மூன்று மாதம், அங்கிருந்து மார்ச் 15 வரை 16 நாள்.

ஜனவரி 31 பிறந்தவருக்கு 2025 மார்ச் 1இல் இந்தக் கழித்தல் நாளுக்கு −2 தரும். எக்செலின் `DATEDIF`இல் `"MD"` போட்டாலும் இதே கோளாறுதான். பெப்ரவரியில் 31 இல்லாததால் அதன் கடைசி நாளில் மாதம் நிறைந்ததாக நான் எடுப்பன். அப்ப ஒரு மாதம், ஒரு நாள்.