ஃப்ரிட்ஜின் அடியில் தண்ணீர்: துளை அடைப்பா, தட்டில் ஓட்டையா?

கேள்வி: எங்களுடையது டபுள் டோர் ஃப்ரிட்ஜ், பனி கட்டாத வகை. ஒரு வாரமாகக் காலையில் பார்த்தால் அடியில் தண்ணீர் நிற்கிறது. காய்கறி டப்பாவுக்குக் கீழேயும் ஈரம். நாமே சரிசெய்யலாமா?

காய்கறி டப்பாவுக்குக் கீழே ஈரம் என்றால் பெரும்பாலும் வடிகால் துளை அடைப்புதான். உள்ளே உலர்ந்து, பின்பக்கத் தரை மட்டும் நனைந்திருந்தால் தட்டைச் சந்தேகிக்கலாம்.

இந்த வகையில் ஃப்ரீசரின் பின்சுவருக்கு உள்ளே குளிரூட்டும் காயில் இருக்கிறது. அதில் படியும் பனியை ஹீட்டர் அவ்வப்போது உருக்கும். அந்தத் தண்ணீர் காயிலுக்குக் கீழுள்ள துளை வழியாகக் குழாயில் இறங்கி, கம்ப்ரஸர் மேலுள்ள தட்டில் விழுந்து, சூட்டில் ஆவியாகிவிடும். துளை அடைத்தால் தண்ணீர் அங்கேயே உறைந்து, ஃப்ரீசர் தரையில் கண்ணாடி போலப் பரவி, மிச்சம் கீழே வழியும். முதலில் ஃப்ரீசர் தரையைத் தடவிப் பாருங்கள்.

பனிப்பாளம் இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, இரண்டு கதவையும் ஓர் இரவு முழுக்கத் திறந்து வையுங்கள். கீழே பழைய துணி விரியுங்கள். கத்தியால் பனியைக் குத்தவே கூடாது. காயிலில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும், செலவு பல மடங்கு.

பனி கரைந்ததும் பின்பக்கம் போங்கள். கம்ப்ரஸர் ஆறியிருக்க வேண்டும். தட்டுக்கு மேலே முடியும் குழாயின் நுனியில் சில மாடல்களில் ரப்பர் மூக்கு ஒன்று இருக்கும். அதன் இரண்டு உதடும் வழவழப்பான அழுக்கால் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் இறங்காது. பலர் மேலேயே தேடிக்கொண்டிருக்க, கோளாறு இங்கே இருக்கும். கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி மாட்டுங்கள்.

துளையைச் சுத்தம் செய்ய ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்ற வேண்டும். ஃபேன், சென்சார் ஒயர்கள் அதில் இருப்பதால் பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. கழற்றத் தெரிந்தவர்கள் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாகச் செலுத்துங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும். கம்பியும் வேண்டாம், குழாய் கிழியும். தட்டில் சொட்டும் சத்தம் உடனே கேட்டால் வழி திறந்துவிட்டது.

தட்டையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அடியில் செய்தித்தாள் போட்டு, தட்டில் 200 மில்லி தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். தாள் நனைந்தால் விரிசல். குழாய் நுனி தட்டுக்குள்தான் விழுகிறதா என்பதும் முக்கியம். ஃப்ரிட்ஜை நகர்த்தும்போது தட்டு விலகியிருக்கலாம். டெங்கு கொசு முட்டையிடும் இடங்களில் இந்தத் தட்டும் ஒன்று என்பதால், தண்ணீர் வற்றாமல் நின்றால் வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்.

சில வாரத்தில் மறுபடி பனிப்பாளம் வந்தால் ஹீட்டரையோ சென்சாரையோ சோதிக்க வேண்டும். அதற்கு முன் கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பில்லாமல் வந்துவிட்டால், வெளிக்காற்றின் ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.