ரத்தமும் மூளையும்: வினாத்தாளில் எங்கே சறுக்குகிறோம்?

“இனம் பற்றிய வினாடி வினாவுக்கு ‘ஒவ்வொரு இனத்துக்கும் ரத்தம் வேறு, சரியா, தவறா?’ன்னு எழுதியிருக்கேன். விடை ‘தவறு’. போதும்தானே சார்?”

விடை சரிதான், வினாதான் நழுவுகிறது. விவரம் தெரிந்த மாணவர் ஒருவர் “இனத்துக்கு இனம் ரத்த வகைகளின் விகிதம் மாறுகிறதே” என்று எழுந்து நின்றால் உங்களிடம் பதில் இருக்காது. முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் கிரேக்கத் துறைமுக நகரமான சலோனிகாவில் பல நாட்டுப் படையினர் கூடியிருந்தார்கள். அவர்களின் ரத்தத்தை மருத்துவர்களான ஹிர்ஸ்ஃபெல்ட் தம்பதி வகை பிரித்து 1919இல் வெளியிட்டார்கள். A வகை ஐரோப்பியரிடம் கூடுதல், B வகை இந்தியப் படையினரிடம் கூடுதல் என்று தெரிந்தது. ஆனால் இரண்டு வகையும் எல்லாக் குழுக்களிலும் இருந்தன.

இதைப் படித்துவிட்டுப் பலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, “நான்கு வகையும் எல்லா மக்களிடமும் உண்டு” என்று எழுதிவிடுவார்கள். அதுவும் பிழை. தென் அமெரிக்கப் பழங்குடிகள் சிலரிடம் கிட்டத்தட்ட O மட்டும்தான். ஆனால் அந்த O எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது, அதனால் அது யாருக்கும் அடையாள முத்திரை ஆகாது. வினாவை இப்படி மாற்றுங்கள்: “ஒருவரின் A, B, AB, O வகையை மட்டும் வைத்து அவர் எந்த இனம் என்று சொல்லிவிடலாம்.” இதற்குத் ‘தவறு’ என்று தயங்காமல் போடலாம்.

“அப்படின்னா சில நாடுகள்ல ஆப்பிரிக்க வம்சாவளிக்காரங்களை ரத்தம் கொடுக்க வாங்கன்னு தனியா ஏன் கூப்பிடறாங்க? நீங்க சொன்னதுக்கு இது முரணா இல்லையா?”

நியாயமான கேள்வி. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்தான் அரிவாள் செல் நோய். அது உள்ளவர்களுக்கு வாழ்நாள் முழுக்கப் பலமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். A, B, O, அதோடு பாசிட்டிவ் நெகட்டிவ் பார்த்து ஏற்றினால் மற்றவர்களுக்கு ஓரிரு முறைக்குப் பெரும்பாலும் போதும். இவர்களுக்குப் போதாது. சிவப்பணுவின் மேல் C, E, கெல், டஃபி என்று இன்னும் பல அடையாளங்கள் உண்டு. தன்னிடம் இல்லாத அடையாளம் திரும்பத் திரும்ப உள்ளே வந்தால் உடல் அதற்கு எதிர்ப்புப் பொருள் உருவாக்கிவிடும். அடுத்த முறை பொருந்தும் பை கிடைப்பது கடினமாகும். டஃபி அடையாளமே இல்லாத சிவப்பணு மேற்கு ஆப்பிரிக்காவில் மிகப் பரவலானது, ஐரோப்பியரிடம் அரிது. அதனால் அங்கிருந்து வந்த வம்சாவளியில் தேடினால் பொருத்தம் சீக்கிரம் அகப்படுகிறது.

ஆக, அழைப்பது தேடும் இடத்தைச் சுருக்கத்தான். எந்தப் பை யாருக்கு என்பதை ஆய்வகச் சோதனைதான் முடிவு செய்கிறது. கொடையாளரின் தோற்றத்தைப் பார்த்து யாரும் பையைத் தருவதில்லை. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 1942 முதல் 1950 வரை கறுப்பினத்தவர் தந்த ரத்தத்தைத் தனியே குறியிட்டு ஒதுக்கி வைத்திருந்தது. அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே வினாவில் போட்டுக் குழப்பிவிடாதீர்கள்.

“எனக்கு O பாசிட்டிவ். அப்பா A, அம்மா B, ரெண்டு பேரும் பாசிட்டிவ்தான். ‘நம்ம ரத்தமே இல்லையே’ன்னு வீட்டுல கிண்டல். இது சாத்தியமா?”

சாத்தியம்தான் தம்பி. அப்பாவிடம் A-உடன் மறைந்த ஒரு O, அம்மாவிடம் B-உடன் மறைந்த ஒரு O இருந்தால், ஒவ்வொரு பிள்ளையும் A, B, AB, O ஆகப் பிறக்க வாய்ப்பு தலா கால் பங்கு. உங்களுக்கு இருவரிடமிருந்தும் O வந்திருக்கிறது.

இதை அப்படியே வினாவாக்கலாம். உங்களுக்குச் சிவப்பணு ஏற்ற வேண்டுமென்றால் அப்பாவும் தர முடியாது, அம்மாவும் தர முடியாது. O வகைக்கு O மட்டுமே சேரும். வேறு கண்டத்தில் பிறந்து, உங்களைப் பார்த்தே இராத ஓர் O ஆள் தரலாம். “இரத்த உறவுக்குள் ரத்தம் எப்போதும் பொருந்தும்” என்ற கூற்று தவறு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

“‘அரிவாள் செல் ஆப்பிரிக்கருக்கு மட்டுமே உரிய நோய்’ங்கிறதுக்குத் தவறுன்னு போட்டிருக்காங்க. அப்ப அந்த நோயே கட்டுக்கதையா?”

வினாவைத் திரும்பப் படியுங்கள் அம்மா. தவறு ‘மட்டுமே’ என்ற சொல்லில் இருக்கிறது. அந்த மரபணு ஒரு பங்கு இருந்தால் மலேரியா கடுமையாவதிலிருந்து காப்பு, இரண்டு பங்கு இருந்தால் நோய். அதனால் மலேரியா நெடுங்காலம் இருந்த இடங்களில் அது தங்கியது: ஆப்பிரிக்காவின் நடுப்பகுதி, அரேபியா, கிரேக்கத்தின் சில பகுதிகள். இந்தியாவில் 1952இல் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டறிந்தார்கள். ஆப்பிரிக்காவின் தென்கோடியிலோ அது அரிது.

“‘மூளை பெரிசா இருக்கிற இனம்தான் அறிவாளி’ங்கிற வினாவுக்கு, மண்டையோடுகளை அளந்த மோர்ட்டன் கதையைப் போடலாமா? மண்டையோட்டுல விதையை அமுக்கி அமுக்கி நிரப்பி வேணும்னே ஏமாத்தினார்னு நிரூபிச்சாச்சே.”

பாதி சரி. ஃபிலடெல்ஃபியாவின் சாமுவேல் மோர்ட்டன் 1839இல் வெளியிட்ட அளவுகள் விதை நிரப்பி எடுத்தவை. விதை இலேசு, ஒரே அளவும் இல்லை. குலுக்கினாலோ விரலால் அழுத்தினாலோ கூடுதலாக உள்ளே போகும். இதை உணர்ந்து அவரே பிறகு ஈயக் குண்டுக்கு மாறினார். மாறியபோது எல்லாச் சராசரியும் உயர்ந்தன, ஆப்பிரிக்க மண்டையோடுகளின் சராசரி மட்டும் மற்றவற்றைவிட அதிகம் உயர்ந்தது. விதை அளவையில் தன்னை அறியாத சாய்வு இருந்திருக்கலாம் என்று 1978இல் உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் ஊகித்தார். ‘வேண்டுமென்றே’ என்று அவர்கூடச் சொல்லவில்லை. 2011இல் ஒரு குழு ஏறத்தாழ பாதி ஓடுகளை மறுபடி அளந்து, குண்டு அளவுகள் நம்பகமானவை என்றது. அது விதை அளவில் என்ன நடந்தது என்பதற்குப் பதிலாகாது என்று வேறு சிலர் மறுத்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. சரி/தவறு வினாவாக இதைப் போடவே போடாதீர்கள்.

“சரி, அளவு சரியாவே இருக்கட்டும். சராசரி வித்தியாசம் இருந்தா ‘பெரிய மூளை இனம் அறிவாளி’ங்கிற கதை உண்மைன்னுதானே ஆகும்?”

அங்கேதான் கதை விழுகிறது. முதலில், பெரிய உடலுக்குச் சராசரியாகப் பெரிய மண்டை. ஒரு தொகுப்பில் ஆண்களின் ஓடுகள் கூடுதலாக இருந்தாலே சராசரி ஏறும். குளிர்ப் பகுதி மக்களின் மண்டை சற்றுப் பெரியது என்றும் 1984இல் வெளிவந்த உலகளாவிய ஒப்பீடு காட்டியது. அது தட்பவெப்பத்தோடு சேரும் கணக்கு.

அடுத்தது பரவல். ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு குழுவின் சராசரி 1350 கன செ.மீ., இன்னொன்றின் சராசரி 1300, ஒவ்வொன்றிலும் ஆட்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கிறார்கள் என்று காட்டும் திட்ட விலக்கம் 120. இரண்டிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவரை எடுத்தால், ‘சிறிய’ குழுவின் ஆளுக்கே பெரிய மண்டை இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 38. சராசரியை மட்டும் அச்சிட்டால் இது கண்ணில் படாது. 1836இலேயே ஜெர்மனியின் உடற்கூறியலாளர் டீடமான் சிறுதானியத்தை நிரப்பி எடைபோட்டு, குழுக்களின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் காட்டியிருந்தார். ஒரே சமூகத்துக்குள் பார்த்தாலும் மூளை அளவுக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது.

“ஐன்ஸ்டீன் மூளை 1230 கிராம்தான்னு படிச்சேன். இதையே ஆதாரமா வினாவில் வைக்கலாமா?”

சுவைக்காக வையுங்கள், ஆதாரமாக வேண்டாம். ஒரே ஆளை வைத்து எதையும் நிறுவ முடியாது. அதோடு அவர் இறந்தது 76 வயதில், முதுமையில் மூளை சுருங்கும். இளம் வயதில் எவ்வளவு எடை இருந்தது என்று யாரும் அளக்கவில்லை.