கரிசல் மண்ணில் சின்ன வீடு: கடக்கால் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (கொடைக்கானல்): நாங்க இருக்கிறது மலை மேல. கீழ, பழனியிலிருந்து தாராபுரம் போற பக்கம் 5 சென்ட் மனை வாங்கியிருக்கோம். கோடையில கை நுழையுற அளவுக்கு நிலம் வெடிச்சுக் கிடக்கு. 30-க்கு 25 அடியில ஒரு தளம்தான் கட்டப் போறோம். சின்ன வீடுதானே, 4 அடி வானம் தோண்டிக் கல்லுக்கட்டு போட்டா போதாதா சார்?

பதில்: போதாது. கரிசலில் சின்ன வீட்டுக்குத்தான் ஆபத்து அதிகம். செங்கல் சுவரும் ஒரு தளமும் சேர்ந்து சுவரின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 3.5 டன் எடை வரும். கடக்கால் அகலம் 60 செ.மீ. என்றால் மண்மேல் விழுவது சதுர மீட்டருக்கு 6 டன் அளவில்தான். நனைந்த கரிசல் மேலே தள்ளும் அழுத்தம் அதைப்போல மூன்று மடங்கு இருப்பது அரிதில்லை. மண் உங்கள் வீட்டைச் சுலபமாகத் தூக்கிவிடும்.

வீடு முழுக்க ஒரே அளவு தூக்கினால்கூடச் சமாளிக்கலாம், அப்படி நடக்காது. வீட்டுக்கு அடியில் இருக்கும் மண் வெயில் படாமல் ஈரம் சேர்த்துக்கொண்டே போகும். வெளிச்சுவர் ஓரத்து மண் ஐப்பசி மழையில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். அதனால் மூலைகள் ஏறி இறங்க, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். 4 அடி ஆழம் என்பது இந்த ஏற்ற இறக்கம் நடக்கும் மண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஆழமான கரிசலில் ஈரம் பருவத்துக்குப் பருவம் மாறாத இடம் பெரும்பாலும் 3.5 மீட்டர் வாக்கில்தான் கிடைக்கும்.

முதலில் மனையில் இரண்டு இடத்தில் குழி போட்டுப் பாருங்கள். 4, 5 அடியிலேயே கரிசல் முடிந்து சுக்கானோ கிராவலோ வந்துவிட்டால், கரிசலைத் தாண்டி அதன்மேல் சாதாரணக் கடக்கால் வைத்துவிடலாம். கீழே எழுதப்போகும் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், அதற்கான செலவெல்லாம் அப்போது தேவையில்லை.

கேள்வி (உடுமலை): வானத்துல 2 அடி மணல் கொட்டித் தண்ணி விட்டு இறுக்கிட்டா, மணல் மெத்தை மாதிரி வீக்கத்த வாங்கிக்கும். எங்க பக்கம் மேஸ்திரிங்க இதத்தான் செய்யறாங்க. நானே பல வீட்டுக்குப் போட்டிருக்கேன். பைலுக்கு எதுக்குங்க வீண் காசு?

பதில்: நீங்கள் சொல்வதில் பாதி சரிங்க. மணல் போடும் ஆழத்துக்குக் கரிசல் வெளியே போய்விடுகிறது, அந்த அளவுக்கு வீக்கம் குறையும். கரிசல் சீரில்லாமல் உப்பினாலும் மணல் கொஞ்சம் நகர்ந்து அதைப் பரப்பிவிடும்.

இடிக்கும் இடம் தண்ணீர். கரிசல் தண்ணீரை விடாது, மணல் தடையில்லாமல் வாங்கும். கரிசலில் தோண்டிய வானத்தில் மணலை நிரப்பினால் அது வீட்டைச் சுற்றி வெட்டிய வாய்க்கால்தான். மேல்மழையும் குளியலறைத் தண்ணீரும் அதில் இறங்கி, போக வழியில்லாமல் தேங்கும். எந்தக் கரிசல் நனையக் கூடாதோ அதன் பக்கத்திலேயே மாதக்கணக்கில் தண்ணீரை வைத்திருக்கும். மணலைத் தண்ணீர் விட்டு இறுக்குவதாகச் சொன்னீர்களே, வீக்கம் முதலில் தொடங்குவதே அப்போதுதான்.

கரிசலின் ஆழம் குறைவு, மனை மேட்டில் இருக்கிறது, சுவரைச் சுற்றி 1.5 மீட்டராவது வெளிச்சாய்வாகத் தளம் போட்டு மூடுகிறீர்கள் என்றால் மணல் மெத்தை நிற்கும். நீங்கள் போட்ட வீடுகள் அப்படிப்பட்ட இடத்தில் இருக்கலாம். 3 மீட்டருக்கும் மேல் கரிசல் உள்ள பள்ள மனையில் நான் மணலை நம்பச் சொல்ல மாட்டேன்.

கேள்வி (குன்னூர்): எங்க மனையிலயும் மண் கறுப்பாத்தான் இருக்கு. அப்ப நாங்களும் பைல்தான் போடணுமா?

பதில்: நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீலகிரிச் சரிவுகளில் மேலே இருக்கும் கறுப்பு பெரும்பாலும் இலைதழை மக்கிய மண். அதைச் சீவினால் செம்மண் வந்துவிடும். அங்கே யோசிக்க வேண்டியது சரிவும், மழைத் தண்ணீர் போகும் வழியும், தாங்குசுவரும்தான். தண்ணீர் தேங்கும் பள்ளத்தாக்கு அடியில் கறுப்புக் களி உண்டு. அங்கே வீடு அமிழ்வதும் ஒரு தொல்லை, அதனால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. உலர்த்திப் பொடித்து 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் போடுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய், இரண்டும் 100 மி.லி. வரை. கிளறிக் காற்றை வெளியேற்றி ஒரு நாள் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அங்கே 10 மி.லி.யில் நின்ற மண் தண்ணீரில் 22 மி.லி. வந்தால் வீக்கம் 120 சதவீதம். 50-க்குக் கீழ் என்றால் பெரிய பயமில்லை, 100-ஐத் தாண்டினால் இந்தப் பேச்சு உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி (கொடைக்கானல், மறுபடி): குழி போட்டுப் பாத்தோம் சார். 10 அடி தாண்டியும் கரிசல்தான். பைல்னே வச்சுக்குவோம். மொத்த எடையைப் பைல் எண்ணிக்கையால வகுத்தா, 25 செ.மீ. பைலே தாராளம்னு கான்ட்ராக்டர் சொல்றார்.

பதில்: அந்த வகுத்தலில்தான் தப்பு ஒளிந்திருக்கிறது. உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். 9.1 மீட்டர் நீளத்தில் மூன்று சுவர், 7.6 மீட்டரில் மூன்று சுவர், ஆக 50 மீட்டர். மொத்தம் 175 டன். நீளச் சுவர் ஒவ்வொன்றிலும் 5 பைல், குறுக்குச் சுவர் ஒவ்வொன்றிலும் சந்திப்புகளுக்கு நடுவே இரண்டு என்று வைத்தால் 21 பைல். சராசரி 8 டன் சொச்சம். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911 மூன்றாம் பகுதி அட்டவணைப்படி 25 செ.மீ. தண்டு, அடியில் அகலமாக வெட்டிய ஒரு குமிழ், 3.5 மீட்டர் ஆழம் உள்ள அண்டர் ரீம்டு பைல் 12 டன் தாங்கும். பார்த்தால் தாராளம்தான்.

ஆனால் வீட்டு நடுவில் சுவர்கள் சந்திக்கும் பைலைப் பாருங்கள். நான்கு பக்கமும் பாதிப் பாதிச் சுவர் அதன்மேல் வருகிறது, கூட்டினால் 4.2 மீட்டர். எடை 15 டன் ஆகிவிடும். அதனால் 30 செ.மீ. தண்டு, 75 செ.மீ. குமிழ் எடுங்கள், அது 16 டன் தாங்கும். குழி போடும் கருவியை மாற்றிக்கொண்டிருக்காமல் 21-ஐயும் அதே அளவில் போட்டுவிடலாம். இரண்டு பைலுக்கு நடுவே குமிழின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 1.5 மீட்டராவது இருக்க வேண்டும். உங்களுக்கு 1.9 இருக்கிறது. அந்த அட்டவணை நடுத்தர இறுக்கம் உள்ள மண்ணுக்கு என்பதால், அடிமண் அப்படித்தானா என்று பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

கம்பி பைலின் முழு நீளத்துக்கும் போக வேண்டும். 12 மி.மீ. நான்கு, சுற்றி 6 மி.மீ. வளையம். பைல் வெறும் தாங்குதூண் இல்லை. மேல்மண் உப்பும்போது தண்டைப் பிடித்து மேலே இழுக்கும், கீழே குமிழ் நங்கூரம் மாதிரி பிடித்து நிற்கும். நடுத்தண்டு இரண்டு பக்கமும் இழுபடுகிறது. மேல்பாதிக்கு மட்டும் கம்பி விட்டுக் காசு மிச்சம் பிடித்தால் பைல் நடுவில் அறுந்துவிடும்.

கேள்வி (ஒட்டன்சத்திரம்): ஆகர் வச்சுக் குழி போடறவங்க கீழ குமிழ் வெட்டினாங்களா இல்லையான்னு மேல நின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பதில்: மூன்று வழியில். குமிழ் வெட்டும் கருவியின் பிடியை அழுத்தினால் கீழே கத்தி விரியும், வெட்டிய மண் வாளியில் விழும். பிடி கடைசி வரை இறங்கியும் வாளியில் மண் வராத வரைக்கும் வெட்டச் சொல்லுங்கள். அடுத்து, கம்பியை ‘ட’ மாதிரி மடித்து இறக்கிச் சுற்றிப் பாருங்கள். தண்டின் சுவரிலிருந்து குமிழ் இருபது செ.மீ.க்கு மேல் உள்வாங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது கான்கிரீட் கணக்கு, அது பொய் சொல்லாது. 3.5 மீட்டர் தண்டுக்கு மட்டும் 0.25 கன மீட்டர் போதும், குமிழும் சேர்ந்தால் 0.32. ஒரு பைலுக்குக் கிட்டத்தட்ட இரண்டரை மூட்டை சிமென்ட். ஒன்றே முக்கால், இரண்டு மூட்டையிலேயே குழி நிரம்பினால் குமிழ் வெட்டப்படவில்லை, இல்லையென்றால் மண் சரிந்து மூடிவிட்டது. குழி போட்ட அன்றே கான்கிரீட் போட்டுவிடுங்கள், ஒரு இரவு விட்டால் குமிழின் கூரை உதிரும். குழியின் வாய் உடைந்து அகலமாகியிருந்தால், மேலே ஒரு குழாய் வைத்து அளவைச் சரிசெய்த பிறகு போடுங்கள். அகன்ற வாயில் கான்கிரீட் காளான் மாதிரி பரந்தால், உப்பும் மண்ணுக்குத் தூக்க ஒரு பிடி கொடுத்தது போலாகும்.

கேள்வி (பழனி): பைல் தலைகளை இணைக்கிற பீமுக்கு அடியில மண் படாம இடைவெளி விடணுமாமே? சுவர் அந்தரத்துல நிக்குமா? எலி, பாம்பு போகாதா?

பதில்: சுவர் பீம்மேல் நிற்கிறது, பீம் பைல்மேல் நிற்கிறது, மண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. குறைந்தது 8 செ.மீ. இடைவெளி விடுங்கள். இவ்வளவு செலவு செய்து பைல் போட்ட வீடுகள் விரிசல் விடுவது பெரும்பாலும் இந்த 8 செ.மீ.யை அடைத்துவிடுவதால்தான். பீமுக்கு அடித்தளமாக மணலையோ செங்கல்லையோ பரப்பிக் கான்கிரீட் போடுவார்கள், பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். மழை வந்ததும் மண் அதன் வழியாகப் பீமை நடுவில் முட்டும். பீம் இறுகியதும் அடியில் இருப்பதை முழுக்கச் சுரண்டி எடுக்க வைத்து, பூசுவதற்குமுன் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்.

எலிக்கும் மண் சரிவுக்கும் பீமின் இரண்டு பக்கத்திலும் மெல்லிய செங்கல் தடுப்பு வையுங்கள். அது பீமைத் தாங்கக் கூடாது, உரசி நின்றால் போதும்.

வீட்டுத் தரையையும் மறக்காதீர்கள். சுவர் பைலில் நிற்க, தரை கரிசலில் கிடந்தால் தரை மட்டும் நடுவில் மேடாகும், கதவு உரசும். 2, 3 அடி கரிசலை எடுத்துவிட்டு, உப்பாத கிராவலை 15 செ.மீ. அடுக்குகளாக ஈரத்தோடு இடித்து நிரப்புங்கள். தரையைப் பீமோடு சேர்த்துக் கட்டாமல் தனியாக விடுங்கள்.

கேள்வி (உடுமலை, இன்னொருவர்): எங்க வீடு கட்டி 9 வருஷம். பைல் கிடையாது. கோடையில விரிசல் திறக்குது, மழையில மூடுது. கெமிக்கல் வச்சு அடைச்சா நிக்குமாங்க?

பதில்: நிற்காதுங்க, அடுத்த கோடையில் பக்கத்திலேயே திறக்கும். விரிசலின் இரண்டு பக்கமும் கோடு போட்டுத் தேதியோடு அகலத்தை மாதாமாதம் எழுதி வையுங்கள். எந்த மூலை அதிகம் அசைகிறது என்று தெரிந்தால் காரணம் பக்கத்திலேயே இருக்கும். ஒரு பக்கம் பாத்ரூம் குழாய் கசியும், இன்னொரு பக்கம் வேப்பமரம் ஈரத்தை உறிஞ்சும். கசிவை நிறுத்தி, கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாகத் தள்ளி விட்டு, சுற்றிலும் 1.5 முதல் 2 மீட்டர் வரை வெளிச்சாய்வுத் தளம் போடுங்கள். இரண்டு பருவம் அசைவு குறைந்தது தெரிந்தபிறகு அடையுங்கள். வளர்ந்த மரத்தை உடனே வெட்ட வேண்டாம், அதன்பின் மண் ஈரம் வாங்கி உப்பும்.

கேள்வி (உடுமலை, முதலில் கேட்டவர்): மணலுக்குப் பதிலா 3 அடி செம்மண் கிராவலை இடிச்சுப் போட்டா, பைல் இல்லாமலே நிக்கும்தானே? ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் அப்படித்தான போடறாங்க.

பதில்: நல்ல கேள்வி. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி ஆராய்ந்த முறை அது. உப்பாத, ஒட்டும் தன்மையுள்ள மண் அடுக்கை மேலே வைத்தால் அடியில் உள்ள கரிசலின் வீக்கம் நன்றாகக் குறைகிறது. மணலைவிட அது மேல் என்பதில் சந்தேகமில்லை, தண்ணீரையும் தடுக்கும். ஆனால் 3 அடி உங்கள் மண்ணுக்குப் போதுமா என்பதை வீக்க அழுத்தத்தை அளக்காமல் சொல்ல முடியாது. கிராவலும் எல்லாம் ஒன்றில்லை, அதையும் அந்த மண்ணெண்ணெய்ச் சோதனையில் வையுங்கள். 10 அடிக்கும் மேல் கரிசல் உள்ள மனைக்கு நான் இன்னும் பைல் பக்கம்தான். 5, 6 அடிக் கரிசலுக்கு நீங்கள் சொல்வது மலிவாக முடியலாம், அளந்த எண்ணோடு வாருங்கள், பேசுவோம்.