முடிவில் திகில் வைத்தும் வாசகர் கோபப்படுவது ஏன்?

"என் தொடர்கதையில ஒவ்வொரு அத்தியாயத்தையும் திகிலாத்தான் முடிக்கிறேன். ஆனா 'சும்மா ஏமாத்துறீங்க'ன்னு கமெண்ட் வருது. எங்கே தப்பு?"

பதிலை மறைத்து நிறுத்தாதீர்கள். பதிலைக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து பிறக்கும் அடுத்த கேள்வியில் நிறுத்துங்கள்.

அநேகமாக உங்கள் முடிவு இப்படி இருக்கும்: "மீனா கடிதத்தைப் பிரித்தாள். அதிர்ந்து போனாள். தொடரும்." அவள் படித்துவிட்டாள், அவள் கண் வழியாகவே கதை பார்க்கும் வாசகருக்கு மட்டும் காட்டவில்லை. கோபம் அங்கேதான் வருகிறது. கடிதத்தைக் காட்டிவிடுங்கள்: "வீடு விற்றாகிவிட்டது. 15-ம் தேதிக்குள் காலி செய்யவும்." கீழே அண்ணனின் கையெழுத்து. உள்ளே அம்மா அவனுக்குப் பிடித்த அதிரசம் சுட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கே நிறுத்தினால், மீனா அம்மாவிடம் எப்படிச் சொல்வாள் என்பதற்காக வாசகர் அடுத்த வாரம் வருவார்.

ஒரு சோதனை: அத்தியாயத்தின் கடைசி மூன்று வரியையும் அடுத்ததன் முதல் பத்தியையும் சேர்த்துப் படியுங்கள். கதவைத் தட்டியது பால்காரர்தான் என்பதுபோல எதுவும் மாறாமல் பழைய நிலைக்கே திரும்பினால், அந்த முடிவை வெட்டிவிடுங்கள்.

அப்புறம், எல்லா அத்தியாயத்துக்கும் இது வேண்டாம். ஒரு சாவுக்குப் பிறகு வரும் அத்தியாயம் அமைதியாகவே முடியட்டும். அங்கே திருப்பம் வைத்தால் அந்தத் துக்கம் வாசகர் மனதில் தங்காது.