‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றால் எடுப்பது யார்?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்று மூன்று நாளாகிறது. சங்கச் செயலாளர் என்ற முறையில் வாட்ஸ்அப் குழுவில் கீழ்க்கண்டவாறு எழுதினேன். அதன் பிறகும் எல்லோரும் எனக்கே போன் செய்கிறார்கள். கன்ட்ரோல் போர்டு மாற்ற வேண்டுமாம். பொருளாளர் இன்னும் முன்பணம் அனுப்பவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்காமல் தெளிவாக எழுதுவது எப்படி?

“லிஃப்ட் பழுது குறித்து நிறுவனத்திற்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது. விரைவில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும். அதுவரை முதியோருக்குத் தேவையான உதவிகள் செய்யப்படும்.”

பதில்: இந்த மூன்று வாக்கியங்களின் வினைகளும் ‘படு’ சேர்ந்த செயப்பாட்டு வினைகள். தமிழில் ‘அனுப்புவேன்’, ‘அனுப்புவார்’ என்ற வினைமுற்றுகளின் விகுதியே செய்பவர் தன்மையா படர்க்கையா என்று காட்டிவிடும்; எழுவாயை விட்டாலும் ஆள் முழுதாக மறைவதில்லை. ‘அனுப்பப்படும்’ என்று மாற்றியவுடன் அந்தத் தடயமும் போய்விடுகிறது. எஞ்சியிருக்கும் ஒரே பெயர் செய்தியை அனுப்பிய உங்களுடையது என்பதால்தான் எல்லோரும் உங்களுக்கே போன் செய்கிறார்கள்.

முதல் வாக்கியத்தைத் திருத்துவது எளிது. தெரிவித்தவர் நீங்கள்தான் என்றால், என்றைக்குத் தெரிவித்தீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைச் சேர்த்து, “திங்கட்கிழமை நிறுவனத்துக்குப் போன் செய்தேன்” என்று எழுதினால் போதும்.

இரண்டாவது வாக்கியத்தில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. அதை “நாங்கள் உரிய நடவடிக்கை எடுப்போம்” என்று செய்வினையாக மாற்றிவிட்டால் இலக்கணம் மாறுமே தவிர, படிப்பவருக்குப் புதிதாக ஒன்றும் தெரியாது. ‘நடவடிக்கை’ என்ற பெயர்ச்சொல்லைப் பிரித்து அதற்குள் இருக்கும் வேலைகளை எடுக்க வேண்டும்: பொருளாளர் முன்பணம் அனுப்ப வேண்டும், நிறுவனம் போர்டை வரவழைக்க வேண்டும், டெக்னீசியன் வந்து மாட்ட வேண்டும். இப்படிப் பிரிக்கும்போது, எந்த வேலைக்கு இன்னும் யாரும் நாள் சொல்லவில்லை என்பது உங்களுக்கே தெரியவரும். எனவே, எழுதுவதற்கு முன் பொருளாளரை அழைத்து, “புதன்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன் என்று குழுவில் போடட்டுமா சார்?” என்று கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்ட பிறகு எழுதினால் அது காட்டிக்கொடுப்பது ஆகாது. “பொருளாளர் இன்னும் பணம் அனுப்பவில்லை” என்பது குற்றச்சாட்டு. “பொருளாளர் புதன்கிழமை அனுப்புவார்” என்பது தகவல். பெயரைத் தவிர்த்துப் பதவியைச் சொல்வதும் சங்கடத்தைக் குறைக்கும். ஆனால், ‘சங்கம் அனுப்பும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது செய்வினையாக இருந்தாலும் பழைய மறைப்புதான்.

மூன்றாவது வாக்கியத்தின் உதவிகளை யார் செய்வதாக நினைத்து எழுதினீர்கள்? காவலாளி என்றால், அவருக்கு அது தெரியுமா, கேட்டை விட்டு அவர் எந்த நேரத்தில் நகர முடியும் என்று முதலில் பேசிவிடுங்கள். திருத்திய செய்தி இப்படி அமையலாம்:

“லிஃப்ட்டின் கன்ட்ரோல் போர்டு பழுதாகிவிட்டது. திங்கட்கிழமை நான் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். முன்பணம் கிடைத்த பிறகே புதிய போர்டை வரவழைப்போம் என்கிறார்கள். பொருளாளர் புதன்கிழமை மதியத்துக்குள் முன்பணத்தை அனுப்புவார். போர்டு வரும் நாளை அவர்கள் இன்னும் சொல்லவில்லை. நான் கேட்டு வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு இங்கே எழுதுகிறேன். காலை 8 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் காவலாளி முதியவர்களின் பைகளை மேலே கொண்டுவந்து தருவார்.”

இதன் முதல் வாக்கியத்தில் ஆளைச் சொல்லாத ‘பழுதாகிவிட்டது’ என்பதை வேண்டுமென்றே அப்படியே வைத்திருக்கிறேன். போர்டு தானாகப் பழுதாகியிருந்தால் அங்கே தேடுவதற்கு ஆள் இல்லை. செய்தவர் யாரென்று தெரியாதபோதும், தெரிந்து பயனில்லாதபோதும் செயப்பாட்டு வினையில் தவறில்லை. “கேட்டின் பூட்டு நேற்றிரவு உடைக்கப்பட்டிருக்கிறது” என்று தாராளமாக எழுதலாம்.

செய்தியைச் சரிபார்க்கும்போது ‘படு’வை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ‘புறப்படுகிறேன்’, ‘கவலைப்படுகிறார்கள்’ போன்றவற்றில் ‘படு’ இருந்தாலும் ஆள் வெளிப்படையாக நிற்கிறார். மாறாக, ‘தாமதமாகிறது’, ‘பரிசீலனையில் உள்ளது’, ‘மாற்ற வேண்டியுள்ளது’ ஆகியவற்றில் ‘படு’வே இல்லை, ஆளும் இல்லை, அலுவலகக் கடிதங்களில் பழகிப்போனதால் இவை கண்ணில் படாமல் நழுவிவிடும். ஒவ்வொரு வினைமுற்றிடமும் ‘யார்?’ என்றும், வருங்கால வினையாக இருந்தால் ‘எப்போது?’ என்றும் கேளுங்கள். ‘நாம் செய்ய வேண்டும்’ என்ற விடை வந்தால், படிப்பவரையும் சேர்த்துக்கொள்ளும் அந்த ‘நாம்’ சங்க நிர்வாகிகளைக் குறிக்கிறதா, எல்லா வீட்டாரையும் குறிக்கிறதா என்று பிரித்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வரையிலும் போர்டைப் பற்றித் தகவல் வராமல் போனாலும், 6 மணிக்கு அதையே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.